அல்புமின் புட்டியும் காலில் விழும் குழியும்

வீங்கிய காலின் கீழெலும்பு மீது கட்டைவிரலை வைத்துப் பத்து நொடி அழுத்திவிட்டு எடுத்தால், அங்கே ஒரு குழி விழுந்து சிறிது நேரம் அப்படியே நிற்கும். மண்ணில் பதிந்த சுவடுபோல மெல்ல நிரம்பும். அந்தக் குழிக்குள்ளிருந்து விலகிச் சென்றது கொழுப்பும் அல்ல, சதையும் அல்ல; உப்புநீர். இரத்தக் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டிய நீர், குழாய்க்கு வெளியே, செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் தேங்கியிருக்கிறது. நம் மருத்துவ மரபு இதைச் சோபை என்றது. வயிற்றில் நீர் கோத்துப் பானைபோல் பருப்பதை மகோதரம் என்றது. பெயர்கள் பழையவை. நீர் எப்படி வெளியே போனது என்ற கேள்விக்கு மட்டும் ஏற்கத்தக்க விடை 1896இல்தான் கிடைத்தது.

அதற்கு முன்னிருந்த கருத்து எளிமையானது. குழாய்ச் சுவரின் செல்கள், உமிழ்நீர்ச் சுரப்பி உமிழ்நீரைச் சுரப்பதுபோல, திசுக்களுக்குள் நீரைச் சுரக்கின்றன என்று பிரெஸ்லாவின் ஹைடன்ஹைன் வாதிட்டார். லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இதை ஏற்கவில்லை. வெளியே தள்ளும் விசை எது என்பதில் அவருக்குப் பெரிய ஐயமில்லை. இதயம் தரும் அழுத்தம் போதும். ஆனால் வெளியே போன நீர் திரும்ப உள்ளே வருவதற்கு எது காரணம்? அவர் நாயின் ஒரு பின்னங்காலில் உப்புக்கரைசலைச் செலுத்தி வீங்கவைத்தார். மறுகாலை அப்படியே விட்டார். பின்பு இரு கால்களின் குழாய்களிலும் இரத்தத்தை மீண்டும் மீண்டும் சுற்றிவரச் செய்தார். வீங்கிய கால் வழியாகச் சென்ற இரத்தம் நீர்த்துப்போயிற்று. மற்றதில் அப்படி நேரவில்லை. திசுவிலிருந்த உப்புநீரை இரத்தம் இழுத்துக்கொண்டது. சுரப்பியும் இல்லை, உயிர்விசையும் இல்லை. உப்பு குழாய்ச் சுவரைத் தாராளமாகக் கடக்கிறது. ஆகவே இழுப்பது உப்பு அல்ல. சுவரைக் கடக்க இயலாமல் உள்ளேயே தங்கிவிடும் புரதம்தான் நீரைத் தன் பக்கம் இழுக்கிறது.

புரதம் செலுத்தும் இந்த இழுவிசைக்குப் பிற்காலத்தில் ஆங்காட்டிக் அழுத்தம் என்ற பெயர் நிலைத்தது. கிரேக்கத்தில் ஓங்கோஸ் என்றால் பருமன், திரட்சி, வீக்கம். புற்றுநோயியலைக் குறிக்கும் ஆங்காலஜியும் அதே வேரிலிருந்து வந்ததே. வீக்கத்தைத் தடுக்கும் விசைக்கு வீக்கம் என்ற சொல்லிலிருந்தே பெயர் வாய்த்தது சொற்களின் குறும்பு. அல்புமின் என்பதோ இலத்தீனில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. முட்டையின் வெள்ளைக்கருவுக்கு வழங்கிய பெயர், இரத்தத்தில் மிகுதியாக உள்ள புரதத்திற்கும் ஒட்டிக்கொண்டது. அல்புமினைக் கல்லீரல் ஒன்றே உண்டாக்குகிறது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் வரை. இரத்தப் புரதங்களின் மொத்த இழுவிசையில் முக்கால் பங்கு அதனுடையது.

இனி ஒரு மனிதரின் வயிற்றுக்கும் கால்களுக்கும் வரலாம்.

அவர் வாரங்கலில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 58. இருபது ஆண்டுகளாக நீரிழிவு. வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. மகள் ஐதராபாத்தில் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். தந்தையின் வேட்டி இடுப்பில் பொருந்தவில்லை, செருப்பு காலில் ஏறவில்லை என்று ஊரிலிருந்து தாய் தொலைபேசியில் சொன்னபோது, உடல் பருத்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினர். கன்னங்கள் ஒட்டி, தோள்கள் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளியிருந்ததை மகள் நேரில் கண்ட பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். கொழுப்பு படிந்து, பின் தழும்பேறிச் சுருங்கிய கல்லீரல் என்று தெரிந்தது. உறவினர் பலர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரா?" என்பது. இல்லை என்ற விடையை நம்பியவர் சிலரே. நீரிழிவும் உடற்பருமனும் கூடிய கொழுப்புக் கல்லீரல், ஒரு சொட்டு மது இல்லாமலே இந்த இடத்திற்குக் கொண்டுவந்துவிடும் என்பது இன்னும் பரவலாகத் தெரியாத செய்தி.

ஆய்வறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்தது அல்புமின்: டெசிலிட்டருக்கு 2.1 கிராம். இருக்கவேண்டியது 3.5க்கு மேல். முதலில் சேர்த்த சிறிய மருத்துவமனையில் காரணம் ஒரே வரியில் சொல்லப்பட்டது: அல்புமின் குறைந்துவிட்டது, அதனால் நீர் கசிகிறது, அல்புமின் ஏற்றினால் சரியாகும். மூன்று புட்டிகள் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்று 100 மில்லிலிட்டர், 20 சதவீதக் கரைசல். விலை 6,000 ரூபாய். மகளின் மாத ஆய்வு உதவித்தொகை 37,000. ஏறக்குறைய அதில் பாதி, ஒரே நாளில் மருந்துக்கடைக்குச் சென்றது. நான்காம் நாள் மீண்டும் மூன்று புட்டிகளுக்குச் சீட்டு வந்தபோது, அவர் ஐதராபாத்தில் ஒரு கல்லீரல் மருத்துவரிடம் தந்தையை அழைத்துச் சென்றார். முன்பு சொல்லப்பட்ட காரணம் பொய்யில்லை. பாதி மெய். அந்தப் பாதி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

தந்துகி எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாயில் தமனி முனையில் அழுத்தம் சுமார் 35 மில்லிமீட்டர் பாதரசம். சிரை முனையில் 15. வெளியே தள்ளும் விசை இது. உள்ளே இழுக்கும் விசையைப் புரத அளவிலிருந்து மதிப்பிட உடலியலாளர்கள் வழங்கும் ஒரு சமன்பாடு உண்டு. இதில் C என்பது டெசிலிட்டருக்கு எத்தனை கிராம் புரதம் என்பது:

π = 2.1C + 0.16C² + 0.009C³

நலமுள்ள ஒருவரிடம் மொத்தப் புரதம் 7.3 என்றால் விடை ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். வாரங்கல் ஆசிரியருக்கு அல்புமின் 2.1தான், ஆனால் நோயுற்ற கல்லீரலில் வழக்கமாக நேர்வதுபோல் குளோபுலின் என்னும் மற்றப் புரதங்கள் உயர்ந்திருந்தன, 3.9. கூட்டினால் 6.0. சமன்பாடு தரும் விடை 20. குளோபுலின் மூலக்கூறுகள் பெரியவை. ஒரே எடைக்கு எண்ணிக்கையில் குறைவு. ஆகவே உண்மையான இழுவிசை இதனினும் சற்றுக் குறைவாகவே இருக்கும். எப்படிப் பார்த்தாலும், அல்புமின் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தும், இழுவிசை பாதியாகவில்லை. கால்பங்கு அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் குறைந்தது.

அந்த இழப்பும் முழுதாக வீக்கமாக மாறுவதில்லை. நீரை எந்தப் பக்கம் இழுப்பது என்பதைத் தீர்மானிப்பது இரத்தத்திலுள்ள புரதம் மட்டுமல்ல. அதற்கும் வெளியே திசுநீரில் உள்ள புரதத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு. புரதம் குறைந்த நீர் வெளியே கசியக் கசிய, திசுவில் ஏற்கெனவே இருந்த புரதம் நிணநீரோடு அடித்துச் செல்லப்படுகிறது. உள்ளே இறங்கினால் வெளியேயும் இறங்குகிறது. வேறுபாடு ஓரளவு காக்கப்படுகிறது. அத்துடன் நிணநீர்க் குழாய்கள் வடிகால்போல் வேலை செய்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 8 லிட்டர் நீர் திசுக்களுக்குள் கசிந்து நிணநீராகத் திரும்புகிறது என்பது இன்றைய மதிப்பீடு. தேவையானால் அந்த ஓட்டம் பன்மடங்கு பெருகவும் கூடும். அல்புமின் 3.0 என்று ஓர் அறிக்கை காட்டும்போது பெரும்பாலோரின் கால்களில் ஒன்றும் தெரியாமலிருப்பது இதனால்தான். 2.5க்கும் கீழே, இன்னும் 2.0க்கு அருகே வரும்போதுதான் காப்புகள் தோற்கத் தொடங்குகின்றன.

இங்கே ஸ்டார்லிங்கின் படத்தில் பின்னர் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தையும் சொல்லவேண்டும்; பாடநூல்கள் பல இன்னும் இதைத் தாமதமாகவே ஏற்கின்றன. தமனி முனையில் நீர் வெளியேறுகிறது, சிரை முனையில் அப்படியே திரும்பி வருகிறது என்றுதான் நெடுங்காலம் வரைந்துவந்தோம். குழாயின் உட்சுவரில் கிளைக்கோகேலிக்ஸ் என்னும் சர்க்கரை இழைகளாலான மெல்லிய பூச்சு இருப்பதும், புரதத்தைத் தடுத்து நிறுத்துவது அதுவே என்பதும் தெரிந்தபின் கணக்கு மாறியது. பெரும்பாலான திசுக்களில், நிலையான சூழலில், தந்துகி முழு நீளத்திலும் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கிறது. திரும்பி வரும் வழி பெரும்பாலும் நிணநீர்தான். ஆகவே அல்புமினை நீரைத் திரும்ப உறிஞ்சும் பஞ்சு என்று கருதுவதைவிட, கசிவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தடை என்று கருதுவது பொருத்தம். புட்டியில் வரும் அல்புமின் காலில் தேங்கிய நீரை உறிஞ்சிவிடும் என்ற எதிர்பார்ப்பு இந்த இடத்தில்தான் இடறுகிறது.

அல்புமின் மட்டுமே காரணம் என்றால், அது அறவே இல்லாதவர் நீரில் ஊறிய பஞ்சாக இருக்க வேண்டும். பிறவியிலேயே அல்புமினை உண்டாக்க முடியாதவர்கள் மிக அரிதாக உண்டு. முதன்முதலில் ஜெர்மனியில் 1954இல் இது பதிவாயிற்று. அவர்களுக்குக் கால்களில் லேசான வீக்கம் இருக்கும், அல்லது அதுவும் இராது. வயிற்றில் நீர் கோத்துப் படுத்தவர்களாக அவர்கள் இல்லை. மற்றப் புரதங்கள் உயர்ந்து இடத்தை நிரப்புகின்றன; இரத்த அழுத்தமும் தாழ்ந்து ஒத்துழைக்கிறது. 0.1க்கும் கீழான அல்புமினோடு நடமாடும் அவர்களைக் காட்டிலும் 2.1 உடைய ஆசிரியரின் வயிறு ஏன் பருத்தது என்பதே சரியான கேள்வி.

விடை கல்லீரலுக்குள் இருக்கிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் இரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். நலமுள்ள கல்லீரல் இதற்கு ஏறத்தாழத் தடையே தருவதில்லை. முன்னும் பின்னுமான அழுத்த வேறுபாடு 5 மில்லிமீட்டருக்குள். தழும்பேறிய கல்லீரல் அணைபோல் நிற்கிறது. வேறுபாடு 10ஐத் தாண்டினால் சிக்கல்கள் தொடங்கலாம். அதற்குமேல் வயிற்றில் நீர் சேர்கிறது. வயிறு முதலில் பருப்பதற்கும் கால் பின்னால் வருவதற்கும் இதுவே காரணம். சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோயில் வரிசை வேறு: காலையில் எழும்போது கண்ணிமைகள் வீங்கியிருக்கும், பின்பு எங்கும் பரவும். வீக்கம் தோன்றும் இடமே நோயின் முகவரியைப் பாதி சொல்லிவிடுகிறது.

ஐதராபாத் மருத்துவர் புட்டியைப் பற்றிப் பேசுமுன் ஊசியால் வயிற்றிலிருந்து சிறிது நீரை எடுத்தார். நோய்த்தொற்று இருக்கிறதா என்று பார்க்க வெள்ளணுக்களை எண்ணச் சொன்னார்; ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில்கள் 250ஐ எட்டினால் அன்றே சிகிச்சை தொடங்கவேண்டும். நல்லவேளை, மிகக் குறைவாகவே இருந்தன. நீரின் அல்புமின் 0.6. இரத்தத்தில் 2.1, கழித்தால் 1.5. இந்தக் கழித்தல் கணக்கு ஸ்டார்லிங்கின் தராசைத் தலைகீழாகப் படிப்பதே. தள்ளும் அழுத்தம் மிகுந்த இடத்தில் அதற்கு ஈடாக இழுவிசை வேறுபாடும் மிகுந்திருந்தால்தான் சமநிலை நிற்கும். எனவே அல்புமின் வேறுபாடு 1.1 அல்லது அதற்கு மேல் என்றால் நீரைத் தள்ளியது போர்ட்டல் அழுத்தமே என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். வயிற்றுக் காசநோயாக இருந்திருந்தால் வேறுபாடு பொதுவாக இதற்குக் கீழே வந்திருக்கும். அழுத்தமானியை உள்ளே செலுத்தாமல், இரு எண்களைக் கழித்தே அழுத்தத்தை அறிவது உடலியலின் அழகான சிக்கனங்களுள் ஒன்று.

ஆனால் அழுத்தம் நீரைத் தள்ளினாலும் அந்த நீர் எங்கிருந்து வந்துகொண்டே இருக்கிறது? இங்கேதான் சிறுநீரகம் நுழைகிறது. போர்ட்டல் அழுத்தம் கூடும்போது வயிற்றுப் பகுதித் தமனிகள் விரிந்து இரத்தத்தை அங்கே தேக்குகின்றன. உடலில் நீர் நிறைந்திருந்தும் இதயத்திலிருந்து புறப்படும் தமனிகள் தளர்ந்திருக்கின்றன. அழுத்தம் தாழ்ந்ததை உணரும் சிறுநீரகம், உடல் வறண்டுவிட்டதென்று எண்ணி, ஆல்டோஸ்டிரோன் என்னும் சுரப்பின் ஏவலால் உப்பைச் சிறுநீரில் விடாமல் பிடித்துவைக்கிறது. உப்பு நின்றால் நீர் நிற்கும். வயிற்றில் சேரும் ஒவ்வொரு லிட்டர் நீரும் ஏறத்தாழ ஏழரை கிராம் சமையல் உப்பைக் கொண்டது. நாள்தோறும் 10 கிராம் உப்பு உண்டு, சிறுநீரில் ஏறத்தாழ எதையும் வெளியேற்றாத ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் சேர்வதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. "தண்ணீர் குறைவாகக் குடிக்கச் சொல்லியிருக்கிறோம், டாக்டர்" என்று தாய் சொன்னார். "தண்ணீர் இருக்கட்டும் அம்மா, ஆவக்காய் ஊறுகாய் எவ்வளவு?" என்று மருத்துவர் கேட்டார். தாய் மகளைப் பார்த்தார். மகள் தந்தையைப் பார்த்தார்.

கால்களுக்கு மட்டும் ஈர்ப்புவிசை தனியாகச் சேர்கிறது. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் வரை ஏறும். நடந்தால் கெண்டைச்சதை பிழிந்து அதை வெகுவாகத் தாழ்த்தும். நீர் நிறைந்த வயிறு உள்ளிருந்து பெருஞ்சிரையை அழுத்தினால் கால்களின் இரத்தம் மேலேற இன்னும் தடை. இவற்றோடு தாழ்ந்த இழுவிசையும் சேரும்போது குழி விழுகிறது. கல்லீரல் நோயாளியின் உடலில் அல்புமின் குறைவு மெய்யாகவே கூடுதலாகத் தொல்லை தரும் இடம் இந்தக் கால்கள்தாம்.

புட்டிக் கணக்குக்குத் திரும்பலாம். மூன்று லிட்டர் பிளாஸ்மாவில் டெசிலிட்டருக்கு 2.1 கிராம் என்றால் 63 கிராம் அல்புமின். மூன்று புட்டிகளில் இருந்தது 60 கிராம். எல்லாம் குழாய்க்குள்ளேயே நின்றிருந்தால் எண் 4ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் அல்புமின் குழாய்க்குள் சிறைப்பட்டிருப்பதில்லை. நலமுள்ளவரிடமே குழாயிலுள்ள அல்புமினில் ஒரு மணி நேரத்திற்கு 5 சதவீதம் வெளியே கசிந்து நிணநீரில் திரும்புகிறது; உடலின் மொத்த அல்புமினில் பாதிக்கும் மேல் எப்போதும் வெளியேதான் உள்ளது. ஆசிரியரின் வயிற்றில் 6 லிட்டர் நீர் என்று கொண்டால் அதற்குள் மட்டும் 36 கிராம் அல்புமின் மிதந்துகொண்டிருந்தது. ஏற்றியது எல்லாத் திசைகளிலும் பரவியது. குழாய்க்குள் தங்கியதும் நீரை இழுத்துத் தன்னையே நீர்த்துக்கொண்டது. கல்லீரல் தளர்ந்தது, சிறுநீரகம் உப்பைப் பிடித்தது, இரண்டும் மாறவில்லை. நான்காம் நாள் அளந்தபோது எண் 2.4. அடுத்த வாரம் மீண்டும் பழைய இடத்தில்.

இதை ஒரு நோயாளியைக் கொண்டு முடிவுசெய்யக் கூடாது என்பது நியாயம். பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்ந்த 777 கல்லீரல் சுருக்க நோயாளிகளிடம் இந்த எண்ணையே இலக்காகக் கொண்டு சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு அல்புமின் 3.0ஐ எட்டும்வரை நாள்தோறும் ஏற்றப்பட்டது. எண் ஏறியது. தொற்றோ, சிறுநீரகப் பாதிப்போ, இறப்போ குறையவில்லை. நுரையீரலில் நீர் கோப்பது போன்ற தீங்குகள் அந்தப் பக்கமே மிகுந்தன. அதற்காக அல்புமின் வீண் மருந்து என்று சொல்வதும் பிழை. வயிற்றிலிருந்து ஒரே அமர்வில் 5 லிட்டருக்கும் மேல் நீரை இறக்கினால் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் ஏற்றுவது சுற்றோட்டம் சரிவதைத் தடுக்கிறது. வயிற்று நீரில் தொற்று ஏற்பட்டால் அது சிறுநீரகத்தையும் உயிரையும் காக்கிறது. அந்த இடங்களில் அது குறிப்பிட்ட வேலைக்காகத் தரப்படுகிறது. தாழ்ந்த எண்ணைக் கண்டு எழுதப்படும் சீட்டு வேறு. வீட்டின் பணம் கரைவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான்.

ஆசிரியருக்குத் தரப்பட்டவை ஸ்பைரோனோலாக்டோன் 100 மில்லிகிராம், ஃபுரோசெமைடு 40 மில்லிகிராம், நாளுக்கு 5 கிராமுக்கு மேற்படாத உப்பு, ஓர் எடை பார்க்கும் கருவி. முதல் மருந்து ஆல்டோஸ்டிரோனின் ஏவலையே மறிப்பது. விலை ஒரு புட்டியோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் அடிக்கடி பார்க்கச் சொன்னார்கள். கால்வீக்கம் இருக்கும்வரை நாளொன்றுக்கு ஒரு கிலோ வரை குறையலாம். கால் வற்றியபின் அரை கிலோவுக்கு மேல் குறையக் கூடாது, ஏனெனில் வயிற்று நீர் அதைவிட வேகமாகக் குழாய்க்குத் திரும்பாது, சிறுநீரகம்தான் பாதிக்கப்படும். புரதத்தைக் குறைக்க வேண்டாம், பருப்பும் முட்டையும் பாலும் நன்றாகக் கொடுங்கள் என்றும் சொன்னார் மருத்துவர். அது எண்ணை உயர்த்துவதற்காக அல்ல, கரைந்துகொண்டிருந்த தோள்களுக்காக.

ஊறுகாய் நின்றதுதான் வீட்டில் பெரிய போராட்டம். முதல் வாரம் உப்பில்லாத பப்பைத் தட்டிலேயே விட்டு எழுந்தார். பிறகு எலுமிச்சையும் சீரகமும் வறுத்த மிளகாயும் அதன் இடத்தைக் கொஞ்சம் பிடித்தன. மகள் தினமும் காலையில் தொலைபேசியில் எடையைக் கேட்டு ஆய்வுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவந்தார்: 74, 73.4, 72.8. மூன்று வாரத்தில் 66. எட்டு லிட்டர் நீர். அதனோடு ஏறத்தாழ 60 கிராம் உப்பு. வேட்டி பொருந்தியது, செருப்பு ஏறியது, கீழெலும்பின் மீது அழுத்தினால் குழி விழவில்லை. அன்று எடுத்த இரத்தத்தில் அல்புமின் 2.2.